லாம்டா மட்டும் எப்படித் தப்பித்தது? ஸ்ட்ரேஞ்ச்னெஸ் கணக்கில் போன இரண்டு மார்க்

காட்பாடி மாணவி

பி.எஸ்சி இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் துகள் இயற்பியலில் இன்டெர்னல் தேர்வு. கீழே உள்ளவை நடக்குமா நடக்காதா, காரணம் சொல் என்று இரண்டு கேள்வி வந்தது.

```
(அ)  π⁻ + p → K⁻ + Σ⁺
(ஆ)  Λ⁰ → p + π⁻
```

இரண்டிலும் மின்னூட்டம் சரியாக இருக்கிறது, பேரியான் எண்ணும் சரி. ஒவ்வொரு துகளுக்கும் கொடுத்திருக்கும் ஸ்ட்ரேஞ்ச்னெஸ் என்ற எண் மட்டும் இரண்டிலும் உதைக்கிறது. (அ)வில் இடப்பக்கம் 0, வலப்பக்கம் −2. (ஆ)வில் இடப்பக்கம் −1, வலப்பக்கம் 0. அதனால் இரண்டுமே நடக்காது என்று எழுதினேன். (அ)வுக்கு முழு மார்க் வந்தது. (ஆ)வைச் சிவப்பு மையில் அடித்து, "நடக்கும், வீக்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு மார்க் போனதுகூடப் பரவாயில்லை. ஒரே விதியை இரண்டும் மீறும்போது ஒன்றுக்கு மட்டும் தண்டனை, இன்னொன்றுக்கு மன்னிப்பு என்றால் அது என்ன விதி?

ஆற்காடு கோச்சிங்

இதற்கு எங்கள் மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் சுருக்குவழி இருக்கிறது. இடப்பக்கம் ஒரே துகள் இருந்தால் அது சிதைவு. சிதைவில் ஸ்ட்ரேஞ்ச்னெஸ் மாறலாம், விட்டுவிடு. இடப்பக்கம் இரண்டு துகள் இருந்தால் அது மோதல். மோதலில் ஸ்ட்ரேஞ்ச்னெஸ் மாறக்கூடாது. இதை வைத்துப் பார்த்தால் உங்கள் இரண்டு விடையும் பத்து விநாடியில் வந்துவிடும். டி.ஆர்.பி தேர்வில் யோசிக்கவெல்லாம் நேரம் கிடைக்காது.

காட்பாடி மாணவி

விடை சரியாக வருகிறது சார். ஆனால் ஏன்? சிதைவு என்றால் விதிக்கு விடுமுறையா?

வாலாஜா ஓய்வு வாத்தியார்

ஆற்காடு தம்பி சொன்ன சுருக்குவழி இந்த இரண்டு கணக்குக்கு வேலை செய்கிறது. மூன்றாவது கணக்கில் கவிழ்த்துவிடும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

மாணவி கேட்டதுதான் சரியான கேள்வி. மின்னூட்டம் எல்லா விசைக்கும் பொதுவான சட்டம். ஸ்ட்ரேஞ்ச்னெஸ் அப்படி இல்லையம்மா. ஸ்ட்ராங் விசையும் மின்காந்த விசையும் அதை மதிக்கும். வீக் விசை மதிக்காது. அதனால் "ஸ்ட்ரேஞ்ச்னெஸ் மாறுகிறது" என்று நீ கண்டுபிடித்த இடத்தில் கணக்கு முடியவில்லை. அங்கே உனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இது நடந்தால் வீக் விசை வழியாகத்தான் நடக்க வேண்டும். அடுத்து கேட்க வேண்டியது, வீக் விசைக்கு இங்கே வாய்ப்பு கிடைக்குமா என்பது.

லாம்டாவை எடுத்துக்கொள். அதன் நிறை 1116 MeV. ஸ்ட்ரேஞ்ச்னெஸ் −1ஐக் காப்பாற்றிக்கொண்டே அது சிதைய வேண்டுமென்றால், வெளியே வரும் துகள்களில் ஒன்றாவது அந்த −1ஐச் சுமக்க வேண்டும். பேரியான் எண்ணும் 1 இருக்க வேண்டும். அப்படி நினைத்தால் முதலில் தோன்றும் வழி இது:

```
Λ⁰ → p + K⁻
```

மின்னூட்டம் சரி, பேரியான் எண் சரி, ஸ்ட்ரேஞ்ச்னெஸ் −1 இரண்டு பக்கமும் சரி. நிறையைப் பார். புரோட்டான் 938, கேயான் 494, கூட்டினால் 1432. கையில் இருப்பதோ 1116. சும்மா நிற்கும் துகள் தன் நிறையைவிட அதிகமான நிறையைப் பெற்றெடுக்க முடியாது. வேறு எதையாவது முயன்று பார்க்கலாம் என்றால், ஸ்ட்ரேஞ்ச்னெஸ் உள்ள பேரியான்களிலேயே லேசானது லாம்டாதான். அதற்குக் கீழே படி இல்லை.

ஆக ஸ்ட்ராங் விசையின் கதவும் மின்காந்தக் கதவும் அதற்குப் பூட்டியிருக்கின்றன. பூட்டியது ஸ்ட்ரேஞ்ச்னெஸ் மட்டும் இல்லை, ஸ்ட்ரேஞ்ச்னெஸும் ஆற்றலும் சேர்ந்து பூட்டியவை. மிச்சம் இருப்பது வீக் விசையின் சந்து ஒன்றுதான். அதன் வழியே போனால் p + π⁻, கூட்டினால் 938 + 140 = 1078. மீதி 38 MeV இயக்க ஆற்றலாகப் போகிறது. தாராளமாக நடக்கும். காட்பாடியில் எக்ஸ்பிரஸுக்குக் காசில்லாதவன் பாசஞ்சர் வண்டிக்குக் காத்திருந்து போவது போல. தாமதமாகத்தான் போவான், ஆனால் போய்ச் சேருவான்.

எவ்வளவு தாமதம் தெரியுமா? ஸ்ட்ராங் விசையில் சிதையும் துகள்கள் 10⁻²³ விநாடி அளவில் காணாமல் போகும். லாம்டாவின் சராசரி ஆயுள் 2.6 × 10⁻¹⁰ விநாடி. பதின்மூன்று மடங்கு இல்லை, பதின்மூன்று சைபர் வித்தியாசம்.

குடியாத்தம் அண்ணன்

சார், எனக்கு ஒரு சந்தேகம். நிறையைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்றால், எங்கள் புத்தகத்தில் "நடக்கும்" என்று போட்டிருக்கும் இது எப்படி?

```
π⁻ + p → K⁰ + Λ⁰
```

இடப்பக்கம் 140 + 938 = 1078. வலப்பக்கம் 498 + 1116 = 1614. வலப்பக்கம் அதிகமாக இருக்கிறது. நீங்கள் சொன்ன கணக்குப்படி ஆற்றல் அழியாமை உடைகிறது, இது நடக்கக்கூடாது. புத்தகத்தில் பிழை என்று நினைக்கிறேன்.

ஆற்காடு கோச்சிங்

பிழை இல்லை சார். மோதல் என்றால் பயானை வேகமாக அடித்து அனுப்புகிறோம். அந்த இயக்க ஆற்றல் நிறையாக மாறும். 1614 − 1078 = 536. பயானுக்கு 536 MeV கொடுத்தால் வேலை முடிந்தது.

வாலாஜா ஓய்வு வாத்தியார்

முதல் பாதி சரி தம்பி. 536 சரியில்லை.

குடியாத்தம் தம்பிக்கு முதலில். நிறையை வைத்து "நடக்காது" என்று தீர்ப்புச் சொல்வது சிதைவுக்கு மட்டும். மோதலில் நிறைக் குறைவு என்பது தடை இல்லை, கட்டணம். பீமுக்கு வேகம் கொடுத்துக் கட்டிவிடலாம்.

இனி அந்த 536. பயான் வேகமாக வந்து நிற்கும் புரோட்டானை அடிக்கிறது. மோதலுக்கு முன்னால் மொத்த உந்தம் சுழி இல்லை. அதனால் மோதலுக்குப் பின்னாலும் சுழி ஆக முடியாது. பிறக்கும் கேயானும் லாம்டாவும் ஓடியே ஆக வேண்டும், அந்த ஓட்டத்துக்கும் ஆற்றல் எடுத்து வைக்க வேண்டும். கேயானும் லாம்டாவும் ஒட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் போவதுதான் மிகக் குறைந்த செலவு. அந்த நிலைக்குக் கணக்குப் போட்டால்:

```
E(π) = [ (mK + mΛ)² − mπ² − mp² ] / (2 mp)
     ≈ [ 1613.3² − 139.6² − 938.3² ] / (2 × 938.3)
     ≈ 907 MeV
இயக்க ஆற்றல் = 907.4 − 139.6 ≈ 768 MeV
```

536 இல்லை, 768. ஏறக்குறைய 230 MeV வெறும் ஓட்டத்துக்கே போகிறது. ஆற்றல் அழியாமையை மட்டும் பார்த்து உந்த அழியாமையை மறந்தால் இந்தப் பிழை வரும். நான் பாடம் நடத்திய காலத்தில் வருஷா வருஷம் வந்தது.

பேர்ணாம்பட்டு பேரன்

நான் இயற்பியல் படித்தவன் இல்லை, தோல் வியாபாரம். தலைப்பைப் பார்த்து வந்தேன். என் தாத்தா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆழத்தில் விஞ்ஞானிகள் இரும்பை அடுக்கி வைத்து "புரோட்டான் சாகுமா" என்று வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள் என்று சொல்வார். நாங்கள் கதை விடுகிறார் என்று நினைத்தோம். நீங்கள் பேசுவதும் அதுதானா? கடைசியில் செத்ததா இல்லையா?

வாலாஜா ஓய்வு வாத்தியார்

தாத்தா கதை விடவில்லை தம்பி. தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டரில், 140 டன் எடையுள்ள கருவி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தியது. 1980இல் ஓட ஆரம்பித்தது. அவ்வளவு ஆழத்தில் வைத்தது எதற்கென்றால், மேலே இருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களைப் பாறை தடுக்க வேண்டும் என்பதற்காக.

அவர்கள் தேடியது இது மாதிரி ஒன்று:

```
p → e⁺ + π⁰
```

மாணவி, இதையும் உன் பட்டியலில் வைத்துப் பார். மின்னூட்டம் +1, +1. ஆற்றல் தாராளம், 938இலிருந்து 135ஐக் கழித்தாலும் 800க்கு மேல் மிச்சம். உந்தம் இரண்டு துகள் எதிரெதிரே போனால் சரியாகிவிடும். ஆனால் பேரியான் எண் 1இலிருந்து 0, லெப்டான் எண் 0இலிருந்து −1. இங்கே வீக் விசையும் கைகொடுக்காது. ஸ்ட்ரேஞ்ச்னெஸ் உடைவதைத் தினமும் பார்க்கிறோம். பேரியான் எண் உடைந்ததை இதுவரை யாரும் உறுதியாகப் பார்த்ததில்லை. கோலார் குழு ஆரம்ப வருஷங்களில் சில நிகழ்வுகளைப் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று அறிவித்தது. பின்னால் வந்த பெரிய கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே கணக்குப்படி, இந்த வழியில் புரோட்டானின் ஆயுள் குறைந்தது 10³⁴ ஆண்டு. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: இன்னும் சாகவில்லை.

பேர்ணாம்பட்டு பேரன்

நன்றி ஐயா. தாத்தா இல்லை, அப்பாவிடம் சொல்கிறேன்.

ஆற்காடு கோச்சிங்

சரி, 768 ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் சுருக்குவழி மூன்றாவது கணக்கில் கவிழும் என்றீர்களே, அந்தக் கணக்கு எங்கே? சிதைவு என்றால் ஸ்ட்ரேஞ்ச்னெஸ் மாறலாம். நான் சொல்லிக்கொடுத்த எந்தச் சிதைவிலும் இது தப்பவில்லை.

வாலாஜா ஓய்வு வாத்தியார்

இந்தாருங்கள், இரண்டு தருகிறேன்.

```
(1)  Σ⁰ → p + π⁻
(2)  Ξ⁻ → n + π⁻
```

இரண்டும் சிதைவு. மின்னூட்டம், பேரியான் எண், நிறை எல்லாம் சரி. உங்கள் வழிப்படி இரண்டும் நடக்க வேண்டும். இரண்டையும் யாரும் பார்த்ததில்லை.

முதலாவது ஏன் என்று பார்ப்போம். சிக்மா சுழியின் நிறை 1193. அதற்குக் கீழே லாம்டா 1116இல் இருக்கிறது. இரண்டுக்கும் ஸ்ட்ரேஞ்ச்னெஸ் −1தான். வித்தியாசம் 77 MeV. ஒரு பயானைக் கழற்றிவிட 135 வேண்டும், அந்தக் காசு இல்லை. ஆனால் ஒரு ஃபோட்டானை வீச 77 போதும். எனவே Σ⁰ → Λ⁰ + γ. இது மின்காந்த விசை வேலை, சுமார் 7 × 10⁻²⁰ விநாடியில் முடிந்துவிடும். வீக் விசை 10⁻¹⁰ விநாடி சாவகாசத்தில் கிளம்பி வருவதற்குள் சிக்மா ஊரிலேயே இல்லை. லாம்டாவுக்கு வேறு வழியில்லாததால் வீக் விசைக்கு வாய்ப்பு கிடைத்தது. சிக்மா சுழிக்கு வேறு வழி இருந்தது, வாய்ப்பு கிடைக்கவில்லை. சிதைவா மோதலா என்பதில் இல்லை விஷயம், போட்டிக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

இரண்டாவதில் ஸ்ட்ரேஞ்ச்னெஸ் −2இலிருந்து ஒரே தாவலில் 0 ஆகிறது. வீக் விசை ஒரு தடவை கைவைத்தால் ஒரு எஸ் குவார்க்கைத்தான் மாற்றும். அதனால் Ξ⁻ முதலில் Λ⁰ + π⁻ ஆகிறது, அப்புறம் அந்த லாம்டா தனியாக p + π⁻ ஆகிறது. இரண்டு படி. குமிழி அறைப் படங்களில் இந்த இரண்டு படியும் தனித்தனி இடத்தில் கண்ணுக்குத் தெரியும்.

காட்பாடி மாணவி

இப்போது (அ)வைத் திரும்பப் பார்க்கிறேன் சார். குவார்க்கை எழுதிப் பார்த்தேன். இடப்பக்கம் π⁻ இல் ஒரு டி, ஒரு எதிர்-யு. புரோட்டானில் இரண்டு யு, ஒரு டி. வலப்பக்கம் K⁻ இல் ஒரு எஸ், ஒரு எதிர்-யு. Σ⁺ இல் இரண்டு யு, ஒரு எஸ். யு எல்லாம் அப்படியே இருக்கிறது. இரண்டு டி மட்டும் இரண்டு எஸ் ஆகிவிட்டது!

ஒவ்வொரு எஸ்ஸுக்கும் ஸ்ட்ரேஞ்ச்னெஸ் −1, அதனால்தான் −2. ஸ்ட்ராங் விசை ஒரு குவார்க்கின் வகையை மாற்றாது, எஸ்ஸும் எதிர்-எஸ்ஸும் ஜோடியாகப் பிறக்கலாம், அவ்வளவுதான். இதே மோதலில் K⁺ + Σ⁻ வந்தால் சரியாக இருக்கும், அதில் ஒன்றில் எஸ், இன்னொன்றில் எதிர்-எஸ். சரியா சார்?

வாலாஜா ஓய்வு வாத்தியார்

சரிதான். நான் எழுத இருந்ததை நீயே எழுதிவிட்டாய். நிறைய பேர் விழும் குழி அது. K⁺ Σ⁻, K⁻ Σ⁺ இரண்டிலும் மின்னூட்டம் 0, பேரியான் எண் 1. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். குறி மாறியதும் ஒன்று நடக்கிறது, இன்னொன்று நடக்கவில்லை. "விசித்திரத் துகள்கள் ஜோடியாகத்தான் பிறக்கின்றன" என்று பைஸ் 1952இல் சொன்னதோடு விஷயம் நிற்காமல், கெல்-மானும் நிஷிஜிமாவும் அடுத்த வருஷம் ஒவ்வொன்றுக்கும் பிளஸ், மைனஸ் என்று எண் கொடுக்க நேர்ந்தது இதனால்தான். வெறும் ஜோடி போதாது, எதிர்க்குறி ஜோடியாக இருக்க வேண்டும்.

குடியாத்தம் அண்ணன்

ஒரு நிமிடம். வீக் விசை மோதலிலும் இருக்கத்தானே செய்யும்? லீவு போட்டுவிட்டா போகும்? அப்படியென்றால் π⁻ + p → Λ⁰ + π⁰ (ஸ்ட்ரேஞ்ச்னெஸ் 0இலிருந்து −1, ஒரே தாவல்தான்) "நடக்காது" என்று எழுதுவது பொய்தானே?

வாலாஜா ஓய்வு வாத்தியார்

கறாராகச் சொன்னால், நீங்கள் சொல்வது சரி. முற்றிலும் தடை இல்லை. பயானும் புரோட்டானும் உரசிக்கொள்ளும் நேரம் 10⁻²³ விநாடி. அதற்குள் ஸ்ட்ராங் விசை வேறு பத்து விதமாக முடித்துவிடும். வீக் விசைக்குக் கிடைக்கும் பங்கு லட்சம் கோடியில் ஒன்று என்ற மாதிரி அளவு. சோதனையில் பார்க்க முடியாத அளவு என்பதால் "நடக்காது" என்று எழுதுகிறோம். லாம்டா மாதிரி தனியாக நிற்கும் துகளிடம் வீக் விசைக்கு வேண்டிய நேரம் எல்லாம் கிடைக்கிறது, அதனால் "நடக்கும்" என்கிறோம்.

என்னைக் கேட்டால் அந்தக் கேள்வித்தாளில் "ஸ்ட்ராங் விசை வழியாக நடக்குமா" என்றோ "எந்த விசை வழியாக" என்றோ கேட்டிருக்க வேண்டும். வெறுமனே "நடக்குமா" என்று கேட்டது அரைக் கேள்வி.

ஆற்காடு கோச்சிங்

இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் சார். அட்டவணையில் லாம்டாவின் ஆயுள் 10⁻¹⁰ என்று கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்தாலே வீக் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். கேள்வி சரி, படிப்புதான் அரை.

காட்பாடி மாணவி

அட்டவணை கொடுக்கவில்லை சார். நிறைகளை மட்டும் போர்டில் எழுதிப் போட்டார்கள். இன்று மேடமிடம் போய்க் கேட்டேன். ஸ்ட்ரேஞ்ச்னெஸ் மாறுவதை நான் கண்டுபிடித்ததற்கு ஒரு மார்க் தருகிறேன், "வீக்" என்று எழுதாததற்கு ஒரு மார்க் தர முடியாது என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒமேகாவைப் போட்டுப் பார்த்தேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

```
Ω⁻ → Ξ⁰ + K⁻    S: −3 → −3    1672 < 1315 + 494 = 1809
Ω⁻ → Λ⁰ + K⁻    S: −3 → −2    1672 > 1116 + 494 = 1610
```

முதலாவதில் ஸ்ட்ரேஞ்ச்னெஸ் தப்பிக்கிறது, நிறை தடுக்கிறது. இரண்டாவதில் நிறை விடுகிறது, ஸ்ட்ரேஞ்ச்னெஸ் ஒன்று மாறுகிறது. அப்போது வீக். ஆயுள் 10⁻¹⁰ பக்கம் இருக்க வேண்டும்.

வாலாஜா ஓய்வு வாத்தியார்

0.8 × 10⁻¹⁰ விநாடி. 1964இல் புரூக்ஹேவனில் முதல் ஒமேகாவைப் பிடித்தபோது அது குமிழி அறைக்குள் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குக் கோடு போட்டிருந்தது. ஸ்ட்ராங் வழி திறந்திருந்தால் கோடே இருந்திருக்காது. இன்னும் ஒன்று போட்டுப் பார், அது பிறந்த மோதல்:

```
K⁻ + p → Ω⁻ + K⁺ + K⁰
```

காட்பாடி மாணவி

இடம் −1. வலம் −3 + 1 + 1 = −1. மின்னூட்டம் 0, 0. பேரியான் 1, 1. ஸ்ட்ராங்கிலேயே நடக்கும்.

ஆனால் இதில் ஒன்று உறுத்துகிறது சார். K⁰க்கு +1, எதிர்-K⁰க்கு −1. இரண்டுக்கும் மின்னூட்டம் இல்லை, நிறையும் ஒன்றே. இரண்டுமே π⁺ + π⁻ ஆகச் சிதையும் என்றும் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு படத்தில் அந்த இரண்டு பயான் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, வந்தது K⁰ தான் என்று எப்படிச் சொல்வார்கள்?

வாலாஜா ஓய்வு வாத்தியார்

அந்த இரண்டு கோட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கூடப் பிறந்தவை யார் என்று பார்த்துத்தான் +1 என்று எழுதுகிறார்கள். அதாவது விதியைச் சோதிக்க அந்த K⁰ஐப் பயன்படுத்த முடியாது, விதியை நம்பித்தான் அதற்குப் பெயரே வைக்கிறோம்.

குடியாத்தம் அண்ணன்

அப்போது அது சுற்றி வளைத்து நம்மையே நாம் நம்புவது ஆகாதா சார்?

வாலாஜா ஓய்வு வாத்தியார்

அந்த ஒரு நிகழ்வில் ஆகும். K⁺ + n → K⁰ + p மாதிரி மோதலில் வந்த கேயான் கற்றையை எடுத்து, அது அடுத்த புரோட்டானை அடித்து லாம்டா உண்டாக்குகிறதா என்று பார்த்தால் தனியாகச் சோதிக்கலாம். எதிர்-K⁰ என்றால் உண்டாக்கும், K⁰ என்றால் கூடாது. ஆனால் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். தூரம் போகப் போக K⁰ தானே எதிர்-K⁰ ஆக மாற ஆரம்பித்துவிடும். அது உன் பாடத்திட்டத்தில் இல்லை, தனி இழை போட்டால் வருகிறேன். இப்போது கரண்ட் போய்விட்டது, போனில் சார்ஜ் இல்லை.